கடைக்காரரின் சர்வருக்கு உங்கள் கார்டு எதற்கு?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். சின்னக் கடைகளுக்கு வெப்சைட், செயலி செய்து கொடுக்கிறேன், தனியாள்தான். பொள்ளாச்சியில் மாமாவின் மளிகைக் கடைக்கு ஆர்டர் செயலி செய்ய 35,000 ரூபாய் பேசினேன். எட்டு மாதமாக இழுக்கிறது, 15,000 தான் வந்தது. சர்வர், எஸ்.எம்.எஸ். செலவெல்லாம் என் கிரெடிட் கார்டில் போகிறது. மற்ற ஐந்து கடைகளுக்கும் அப்படித்தான். கார்டில் 64,000 நிற்கிறது, மாதம் 3,500 கட்டியும் குறையவில்லை. இரண்டு நிமிடத்தில் கடன் தரும் ஆப் ஒன்றில் 75,000 எடுத்து அடைத்துவிடலாமா? இப்போது கோபாலபுரத்தில் ஒரு கடைக்காரர் இதே மாதிரி கேட்கிறார், ஓணத்துக்குள் வேண்டுமாம். எவ்வளவு சொல்வது?

பதில்: தம்பி, அந்த இரண்டு நிமிடக் கடனை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

உங்கள் கார்டில் மாதம் 3.6 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள்வோம், பெரும்பாலான கார்டுகள் அந்த அளவில்தான் இருக்கின்றன. 64,000க்கு மாத வட்டி சுமார் 2,300. அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 2,700. நீங்கள் கட்டும் 3,500இல் அசலுக்குப் போவது 800 ரூபாய். இதே மாதம் ஆறு கடைகளின் சர்வருக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் கார்டைத் தேய்க்கிறீர்கள், அந்த 800 எந்த மூலைக்கு? இன்னொன்றும் இருக்கிறது. பழைய பாக்கி நிற்கும்வரை புதுச் செலவுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது, தேய்த்த அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். கடைக்காரர் அடுத்த மாதம் தருகிறேன் என்று சொல்லும் சர்வர் காசுக்கு நீங்கள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் விலை குறைவு என்பது இரண்டாவது விஷயம்தான். கடைக்காரர் நேரடியாகக் கட்ட வேண்டியதை உங்கள் பெயரில், உங்கள் கார்டில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம்தான் உங்களைத் தின்கிறது. அது எங்கே தொடங்குகிறது என்றால், வேலை பேசும்போது வாயால் ஒரு மொத்தத் தொகையைச் சொல்லிவிட்டு, எதெல்லாம் அதில் அடங்காது என்று எழுதிக் கொடுக்காமல் விடுவதில்.

ஆகவே கோபாலபுரத்துக்காரருக்குப் போனில் விலை சொல்லாதீர்கள், மின்னஞ்சல் எழுதுங்கள். விலைக்கு என் கணக்கு இது. வீட்டுக்கும் உங்களுக்கும் மாதம் 30,000 வேண்டும் என்றால், காசு வரும் வேலை மாதத்தில் 12 நாள்தான் நடக்கும், மீதி நாள் பேச்சு, பயணம், பழைய வேலையின் பழுது என்று போய்விடும். ஒரு நாள் கூலி 2,500. இந்தச் செயலி 13 நாள் வேலை, பேச்சுக்கும் திருத்தத்துக்கும் 3 நாள், ஆக 16 நாள். 40,000 சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. சேர்க்க வேண்டாம். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டாதவரை, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் பில் போட்டாலும் பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாதவர் ஜி.எஸ்.டி. வாங்கவும் கூடாது.

மின்னஞ்சல் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

"வணக்கம் அண்ணா. செயலிக்கான கூலி 40,000 ரூபாய். வேலை தொடங்க 16,000, உங்கள் போனில் ஆர்டர் போட்டுப் பார்க்கும் அன்று 16,000, முழுதாக ஒப்படைக்கும்போது 8,000. இதில் அடங்குவது: பொருள் பட்டியல், கூடை, ஆர்டர் வந்ததும் உங்கள் போனில் மணி அடிப்பது, விலையை நீங்களே மாற்றிக்கொள்ளும் பக்கம், இரண்டு முறை திருத்தம்.

முன்பணமும் பொருள் பட்டியலும் இரண்டும் கைக்கு வந்த நாளிலிருந்து நான்கு வாரம். பட்டியல் எக்செல்லில் வேண்டும்: பெயர், அளவு, விலை. அரை கிலோவும் கால் கிலோவும் தனித்தனி வரியாக. பட்டியல் தாமதமானால் ஒப்படைக்கும் நாளும் அத்தனை நாள் தள்ளும்.

அடங்காதவை: பொருட்களின் படம், மலையாளப் பெயர்கள், ஐபோன் பதிப்பு, டெலிவரி பையன் எங்கே வருகிறான் என்று காட்டுவது, கடை பில்லிங் கணக்கோடு இணைப்பது, ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ். இவை வேண்டுமென்றால் தனிக் கூலி, முன்கூட்டியே சொல்வேன். டொமைன், சர்வர், பிளே ஸ்டோர் கணக்கு மூன்றும் உங்கள் பெயரில், உங்கள் கார்டில். கணக்குத் தொடங்க நான் பக்கத்தில் உட்கார்ந்து உதவுகிறேன். ஆர்டர் போகாமல் நின்றால் அது பழுது, 60 நாள்வரை இலவசமாகச் சரிசெய்வேன். புதிதாக ஒன்று கேட்டால் அது மாற்றம், அரை நாளுக்கு 1,250. சம்மதம் என்று பதில் எழுதுங்கள், அதன்பின் தொடங்குகிறேன். இந்த விலை 15 நாளுக்கு."

கடைசித் தவணையை 'பிளே ஸ்டோரில் வந்த பிறகு' என்று எழுதிவிடாதீர்கள். 2023 நவம்பர் நடுவுக்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்தால்தான் வெளியிட விண்ணப்பிக்கவே கூகுள் விடுகிறது. நடுவில் ஆள் கழன்றால் அந்த நாட்கள் வீண். விண்ணப்பித்த பிறகு பார்வையிட அவர்களுக்கும் சில நாள் வேண்டும். நான்கு வாரம், இரண்டு வாரம், மேலே ஒரு வாரம், ஆக ஏழு வாரம். ஓணத்துக்கு அதைவிடக் குறைவாக இருந்தால், போன் பிரவுசரில் திறக்கும் இணைப்பாக முதலில் கொடுங்கள், கடையில் கியூ.ஆர். ஒட்டினால் போதும். பிளே ஸ்டோர் பிறகு வரட்டும். அந்த 12 பேரைத் திரட்டுவதும் அவர் வேலை என்று மின்னஞ்சலில் ஒரு வரி சேருங்கள்.

ஓ.டி.பி.யை நான் வெளியே வைத்ததற்குக் காரணம் உண்டு. எஸ்.எம்.எஸ். அனுப்ப, தொலைபேசி நிறுவனத்திடம் செய்யும் டி.எல்.டி. பதிவு வேண்டும், அது கடையின் ஆவணங்களில் நடக்க வேண்டியது, கட்டணமும் உண்டு. முதல் மாதங்களில் நாளுக்குப் பத்துப் பதினைந்து ஆர்டர் வரும் கடைக்கு, போன் எண்ணை வாங்கிக்கொண்டு கடைக்காரர் ஒரு முறை கூப்பிட்டு உறுதிசெய்தாலே ஆயிற்று. அவசரத்துக்கு என்று ஆர்டர் பணத்தை உங்கள் யு.பி.ஐ.யில் வாங்கி மாற்றிவிடும் வேலையும் வேண்டாம். அவர் வியாபாரம் உங்கள் வங்கிக் கணக்கில் வருமானம் போலத் தெரியும், பிறகு விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

இனி மாமா. அவரிடம் பழைய எட்டு மாதத்தைப் பற்றிச் சண்டை வேண்டாம். "மாமா, சர்வரை வரும் ஒன்றாம் தேதி உங்கள் பெயருக்கு மாற்றுகிறேன், மாதாமாதம் நீங்களே கட்டிவிடுங்கள், பாக்கி 20,000ஐ இரண்டு தவணையாகக் கொடுங்கள்" என்று நேரில் போய்ச் சொல்லுங்கள், அத்தை பக்கத்தில் இருக்கும்போது சொன்னால் இன்னும் நல்லது. மற்ற ஐந்து கடைகளையும் அதே மாதத்தில் மாற்றிவிடுங்கள். ஒருவர் மறுத்தால் 30 நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள், சொல்லாமல் அணைக்காதீர்கள்.

இதெல்லாம் நடந்த பிறகுதான் கடன் பேச்சு. இப்போதே 75,000 எடுத்து அடைத்தால் கார்டு காலியாகும், ஆறு சர்வரும் அதை மறுபடி நிரப்பும், ஆறு மாதத்தில் இரண்டு கடன் இருக்கும். அந்த ஆப்களில் முன்கட்டணம் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள், வட்டியும் பெரும்பாலும் 24 சதவீதத்துக்கு மேல். வீட்டில் நகை இருந்து, வீட்டாரும் சம்மதித்தால், பக்கத்து வங்கியில் நகைக் கடன் கேளுங்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால் 64,000க்கு மாத வட்டி 550 போலத்தான் வரும். இப்போது கட்டும் அதே 3,500ஐ அங்கே கட்டினால் இரண்டு வருடத்துக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும், மாமா தரும் 20,000ஐயும் அதிலேயே போட்டால் 14 மாதம் போதும். கடன் எடுக்கும் முன் ஆறு சர்வர் கணக்கிலிருந்தும் உங்கள் கார்டு எண்ணை நீக்கியாயிற்றா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.