உள்பக்கம் கிழிந்தால் பிரேஸ், வெளிப்பக்கம் கிழிந்தால்?

கே: முழங்காலின் உள்பக்கத் தசைநார், எம்.சி.எல்., கிரேடு 3 கிழிசல் என்று ரிப்போர்ட். ஆனாலும் பிரேஸ் போதும் என்கிறார் டாக்டர். நம்பலாமா?

நம்பலாம், ஒரு நிபந்தனையோடு. முழங்காலை 30 டிகிரி மடக்கி, கீழ்க்காலை வெளிப்பக்கம் தள்ளிப் பார்ப்போம். நல்ல காலைவிட 5 மி.மீ.க்குள் கூடுதலாகத் திறந்தால் கிரேடு 1, 10 மி.மீ. வரை 2, அதற்கும் மேலே தடையில்லாமல் திறந்தால் 3. அப்புறம் காலை நேராக நீட்டி அதையே செய்ய வேண்டும். நீட்டியபோதும் திறந்தால், உள்ளே சிலுவைத் தசைநாரும் போயிருக்கலாம். நீட்டினால் உறுதியாக நிற்கிறதா? அப்படியானால் கீல் வைத்த பிரேஸில் சுமார் ஆறு வாரத்தில் பெரும்பாலும் ஆறிவிடும். தசைநாரின் கீழ்முனை பிய்ந்து, அங்குள்ள தசைநாண்களின் மேலே ஏறிக் கிடந்தால் மட்டும் அது தானாக ஒட்டாது, ஆபரேஷன் வேண்டும்.

கே: வயது 27. கீழே விழுந்ததில் முன் சிலுவைத் தசைநார், ஏ.சி.எல்., கிழிந்தது. எம்.ஆர்.ஐ.யில் வெளிப்பக்கமும் "லேசான காயம்" என்று இருக்கிறது. பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போயிருக்கிறது. அடுத்த வாரம் ஏ.சி.எல். ஆபரேஷன்.

அந்த மரத்துப்போதல்தான் என்னை உறுத்துகிறது. முழங்காலின் வெளிப்பக்கத்தைச் சுற்றி ஓடும் பெரோனியல் நரம்பு இழுபட்டால் இப்படி ஆகும். நரம்பே இழுபட்டிருந்தால், காயம் லேசானது என்ற பேச்சைச் சந்தேகிக்க வேண்டும். கட்டைவிரலையும் பாதத்தையும் மேலே தூக்க முடிகிறதா என்று இன்றே பாருங்கள்; முடியாவிட்டால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் டயல் சோதனை செய்யச் சொல்லுங்கள். குப்புறப் படுக்கவைத்து, இரண்டு முழங்காலையும் 30 டிகிரி மடக்கி, பாதங்களை வெளிப்பக்கம் திருப்புவார்கள். அடிபட்ட கால் 10 டிகிரிக்கு மேல் அதிகம் திரும்பினால், முழங்காலின் பின்-வெளி மூலையைப் பிடித்திருக்கும் தசைநார்கள் போயிருக்கின்றன. 90 டிகிரியிலும் அதே வித்தியாசம் இருந்தால் பின் சிலுவைத் தசைநாரான பி.சி.எல்.லும் சேர்ந்திருக்கும். அழுத்தம் கொடுத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் வெளிப்பக்கம் நல்ல காலைவிட 4 மி.மீ. அளவு கூடுதலாகத் திறந்தாலும் அந்த மூலை முழுதாகக் கிழிந்ததற்கான அறிகுறி.

உள்பக்கம் போல இது ஏன் ஆறுவதில்லை? வெளிப்பக்கத்தில் குவிந்த எலும்பின் மேல் குவிந்த எலும்பு உட்கார்ந்திருக்கிறது. பிடித்துக்கொள்ள குழிவு இல்லை. தவிர, ஒவ்வொரு அடியும் அந்தப் பக்கத்தைத் திறக்கவே பார்க்கும். இதை விட்டுவிட்டு ஏ.சி.எல்.லை மட்டும் போட்டால், புது ஏ.சி.எல். அந்தச் சுமையையும் தாங்கித் தளர்ந்துவிடும். கிரேடு 1, 2 என்றால் பிரேஸ் போதும். 3 என்றால், முடிந்தவரை மூன்று வாரத்துக்குள், வேறு தசைநாண் எடுத்துப் புதிதாக அமைப்பதே நல்லது. கிழிந்ததை வெறுமனே தைத்தால் பிரிந்துவிடும் வாய்ப்பு அதிகம். எலும்புத் துண்டோடு பிய்ந்திருந்தால் மட்டும் திரும்பப் பொருத்தலாம்.

கே: பழைய அடி, இரண்டு வருடமாகிறது. நடக்கும்போது முட்டி வெளிப்பக்கம் ஒதுங்குகிறது. இப்போது தசைநார் வைக்கலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் நின்றபடி முழுக்கால் எக்ஸ்ரே. கால் வில்லாக வளைந்திருந்தால், கீழெலும்பை வெட்டி நேராக்கும் ஆபரேஷன்தான் முதலில். இல்லையென்றால் புதிய தசைநாரும் நீளும். நேராக்கியதும் சிலருக்குத் தசைநார் ஆபரேஷனே தேவைப்படுவதில்லை.