எம் பேண்ட் எண் ஆய்வகம் மாறினால் ஏன் மாறுகிறது

கேள்வி: "எங்கள் அப்பச்சிக்கு வயது 66. மைலோமா, ஐஜிஜி கப்பா. ஆரம்பத்தில் எம் பேண்ட் 3.8 இருந்தது. சிகிச்சைக்குப் பிறகு 0.6 வரை இறங்கியது. போன மாதம் காரைக்குடியில் ரத்தம் கொடுக்காமல் மதுரையில் கொடுத்தோம். எம் பேண்ட் 1.0 என்று வந்திருக்கிறது. ஆனால் கப்பா 48-லிருந்து 5.2 ஆகக் குறைந்திருக்கிறது. ஒன்று ஏறி ஒன்று இறங்குவது எப்படி? நோய் திரும்பிவிட்டதா? காமா மொத்தம் முன்பு 1.2, இப்போது 1.3."

கடைசி வரியில் காமா மொத்தத்தையும் எழுதினீர்களே, அதற்கு நன்றி. அது இல்லாவிட்டால் என்னால் பாதிதான் பதில் சொல்லியிருக்க முடியும். நீங்கள் கொடுத்த எண்களை வைத்துப் பார்த்தால், நோய் திரும்பியதாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. கப்பாவும் குறையவில்லை. முதலில் கப்பாவை, அதாவது ரத்தத்தில் தனியாகத் திரியும் ஆன்டிபாடித் துண்டை, முடித்துவிடுகிறேன், அது எளிது.

பழைய ரிப்போர்ட்டில் கப்பா 48 என்பதற்குப் பக்கத்தில் மில்லிகிராம்/லிட்டர் என்று இருக்கும். புதியதில் 5.2-க்குப் பக்கத்தில் மில்லிகிராம்/டெசிலிட்டர் என்று இருக்கும். எடுத்துப் பாருங்கள். ஒரு லிட்டருக்குப் பத்து டெசிலிட்டர் என்பதால் 5.2 என்பது 52. ஆக 48 இப்போது 52 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். நார்மல் அளவு அச்சிட்டிருக்கும் இடத்தைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். பரவலாகப் பயன்படும் ஃப்ரீலைட் முறையில் கப்பாவுக்கு அது 3.3 முதல் 19.4 மில்லிகிராம்/லிட்டர். டெசிலிட்டரில் போடும் ஆய்வகம் இதையே 0.33 முதல் 1.94 என்று அச்சிடும். கப்பாவுக்குச் செய்த கணக்கை அதன் ஜோடியான லேம்டாவுக்கும் செய்யுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு விகிதம் போட்டால் பத்து மடங்கு பிசகிவிடும்.

இனி எம் பேண்ட். இந்த எண்ணை எந்த இயந்திரமும் நேராக அளப்பதில்லை. ரத்தம் உறைந்த பின் மேலே நிற்கும் சீரத்தை அகரோஸ் ஜெல்லில் வைத்து, காரத்தன்மையுள்ள கரைசலில், பெரும்பாலும் 8.6 பிஎச்சில், மின்சாரம் செலுத்துவார்கள், இதுதான் எலக்ட்ரோபோரசிஸ். புரதங்கள் தத்தம் வேகத்தில் பிரியும். ஆல்புமின் வேகமாக முன்னே ஓடிவிடும். அதன் பின்னால் ஆல்பா, பீட்டா வரும். கடைசியில் நிற்பது காமா. சாயம் ஏற்றினால் கண்டாங்கிச் சேலையை விரித்துப் பிடித்ததுபோல் பட்டைகள் தெரியும். ஆல்புமின் தடித்த கரை. காமா அகலமாக, விளிம்பு மங்கலாக இருக்கும். ஆயிரக்கணக்கான பிளாஸ்மா செல் குடும்பங்கள் ஆளுக்கொரு விதமான ஆன்டிபாடியைச் செய்வதால்தான் அந்த மங்கல். மைலோமா என்ற புற்றுநோயில் நடப்பதுபோல் ஒரே குடும்பம் பெருகினால் ஒரே விதப் புரதம் ஒரே இடத்தில் குவியும். அந்த மங்கலுக்குள் மெல்லிய அடர்கோடு ஒன்று விழும், அதுதான் எம் பேண்ட். அது ஐஜிஜி, கப்பா என்று சொல்வது இம்யூனோஃபிக்சேஷன். ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம், கப்பா, லேம்டா ஒவ்வொன்றுக்கும் தனி ஆன்டிசீரம் ஊற்றி, எந்தத் தடத்தில் கோடு நிற்கிறது என்று பார்ப்பார்கள்.

அளவு எப்படி வருகிறது? பட்டைகளின் அடர்த்தியை இயந்திரம் மேடு பள்ளமான கோடாக வரைந்து கொடுக்கும். அந்தக் கூர் மேட்டின் இரு பக்கமும் எல்லை வைப்பது டெக்னீஷியன். எல்லைக்குள் விழும் பரப்பு மொத்தத்தில் எத்தனை சதவீதமோ, அதை மொத்தப் புரதத்தால் பெருக்குவார்கள். உங்கள் பழைய ரிப்போர்ட்டில் மொத்தப் புரதம் 6.8 கிராம்/டெசிலிட்டர் என்று இருந்தால், 8.8 சதவீதம் 0.6 ஆகும். புதியதில் 7.1 என்றால் 14.1 சதவீதம் 1.0 ஆகும். ஆக எல்லையை எங்கே வைத்தார்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம்.

எல்லை வைப்பதில் இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று, மேட்டின் இரு ஓரத்திலிருந்தும் அடிக்கோடு வரைக்கும் நேராக இறக்கிவிடுவது. மற்றது, மேட்டின் இரு அடிவாரத்தையும் சாய்கோட்டால் இணைத்து, அதற்கு மேலே துருத்தி நிற்பதை மட்டும் எண்ணுவது. படியில் நெல்லைக் குவித்து அளப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை படியையும் சேர்த்துக் கணக்கில் எடுக்கிறது. இரண்டாவது, விளிம்புக்கு மேலே நிற்கும் கும்பத்தை மட்டும் எடுக்கிறது. படிக்குள் இருப்பது உடம்புக்குத் தேவையான சாதாரண ஆன்டிபாடி, நோய் அல்ல. எம் பேண்ட் 3.8 இருந்தபோது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்திருக்காது. கும்பம் பெரிது, படியில் இருந்தது கொஞ்சம். இப்போது கும்பம் சிறுத்துவிட்டது, சிகிச்சைக்குப் பின் சாதாரண ஆன்டிபாடியும் தலையெடுத்திருக்கும். 0.3 கிராம் அடியில் இருந்தாலே, ஒரே ரத்தத்தை ஒரு முறை 0.7 என்றும் மற்றது 1.0 என்றும் சொல்லும்.

உங்கள் காமா மொத்தம் இதைத்தான் காட்டுகிறது. ஐஜிஜி பேண்ட் காமாவுக்குள் நின்றால், பேண்ட் உண்மையில் 0.4 கூடும்போது காமா மொத்தமும் அதே அளவுக்கு ஏற வேண்டும். 1.2 போய் 1.6 ஆகியிருக்க வேண்டும். 1.3 தான் ஆகியிருக்கிறது. அப்படியென்றால் மிச்ச காமா 0.6-லிருந்து 0.3 ஆகிவிட்டது என்று ஆகும். ஒரு மாதத்தில் சாதாரண ஆன்டிபாடி பாதியாகச் சரிந்து, அதே சமயம் பேண்ட் அதற்கு ஈடாக ஏறியது என்பதைவிட, கோடு போட்ட விதம் மாறிவிட்டது என்பதே எனக்கு நம்பத் தகுந்ததாகப் படுகிறது. இரண்டு ரிப்போர்ட்டிலும் ஐஜிஜி அளவு தனியாக இருந்தால் அதையும் ஒப்பிடுங்கள். அதுவும் ஏறாமல் இருந்தால் சந்தேகம் இன்னும் குறையும். மதுரை ஆய்வகம் ஜெல்லுக்குப் பதில் கேபிலரி முறையில் செய்திருந்தால் அதனாலும் கொஞ்சம் மாறும். அதில் சாயமே கிடையாது, புற ஊதா ஒளியை வைத்து அளக்கிறார்கள்.

எண்ணை அப்படியே நம்பினாலும், நோய் ஏறுகிறது என்று சொல்ல உலகளவில் வைத்திருக்கும் வரம்பு இதுதான்: இதுவரை வந்த மிகக் குறைந்த அளவிலிருந்து 25 சதவீதம் கூடவேண்டும், அந்தக் கூடுதல் 0.5 கிராமாவது இருக்கவேண்டும், அடுத்த பரிசோதனையிலும் அது உறுதியாகவேண்டும். உங்களுக்கு சதவீதம் தாண்டிவிட்டது, கிராம் 0.4-ல் நிற்கிறது. சிறிய எண்ணில் சதவீதம் சட்டென்று எகிறும். அதனால்தான் கிராம் வரம்பையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள்.

ஃப்ரீ லைட் செயினும், அதாவது தனியாகத் திரியும் கப்பாவும் லேம்டாவும், பேண்டோடு ஒத்துப் போகவில்லை. ஐஜிஜி ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். தனியாகத் திரியும் கப்பா சில மணி நேரத்திலேயே சிறுநீரகம் வழியாகப் போய்விடும். செல்கள் பெருகத் தொடங்கினால் பெரும்பாலும் கப்பாவில் அது சீக்கிரமே தெரியும். லேம்டா 12-லிருந்து 11 ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கப்பாவுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் 36 இருந்தது 41 ஆகியிருக்கிறது. நோய் ஏற்றம் என்று சொல்ல அது 100 மில்லிகிராம்/லிட்டருக்கு மேல் கூடவேண்டும், அந்த வரம்பும் பேண்டில் அளக்க முடியாதவர்களுக்குத்தான். அதற்காக இனி கப்பா மட்டும் பார்த்தால் போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பேண்ட் அசையாமல் இருக்க, கப்பா மட்டும் ஏறி நோய் திரும்புவதும் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும், கிரியாட்டினினையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. சிறுநீரகம் தளர்ந்தால் கப்பா, லேம்டா இரண்டும் ஏறும்.

டாக்டர் சொல்லவேண்டியதை இவர் சொல்கிறார் என்று இங்கே சிலர் வருவார்கள். மருந்தை நிறுத்தவோ மாற்றவோ நான் சொல்லவில்லை. அப்பச்சிக்குப் புதிதாக எலும்பு வலி, ஹீமோகுளோபின் குறைவு, கால்சியம் ஏற்றம், கிரியாட்டினின் ஏற்றம் எது இருந்தாலும் மேலே சொன்ன கணக்கையெல்லாம் ஒதுக்கிவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

இன்னொரு விஷயமும் மனதை உறுத்துகிறது. நம் பக்கத்தில் ரத்தம் எடுக்கும் சென்டர்கள் பல, வெளியூர் ஆய்வகம் அனுப்பும் ரிப்போர்ட்டிலிருந்து எண்களை மட்டும் எடுத்துத் தங்கள் லெட்டர்பேடில் அடித்துக் கொடுக்கின்றன. மேடு பள்ளப் படம் போய்விடுகிறது, எந்த முறை என்ற வரியும் போய்விடுகிறது. படம் இல்லாத எலக்ட்ரோபோரசிஸ் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள். அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து எடுக்கும் பையன் மற்ற டெஸ்டுக்கான ஊதா மூடிக் குழாயையே இதற்கும் அனுப்பிவிடுவதும் நடக்கிறது. அதில் ரத்தம் உறையாது, ஃபைப்ரினோஜன் அப்படியே மிஞ்சி பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவில் ஒரு பொய்க்கோடு போடும். கண்டுபிடிக்க வழி உண்டு. ஒருவருடைய எம் பேண்ட் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் நிற்கும். பழைய படத்தில் இல்லாத இடத்தில் கோடு தெரிந்து, இம்யூனோஃபிக்சேஷனில் எந்தத் தடத்திலும் அது விழாவிட்டால், குழாயைச் சந்தேகப்படலாம்.

இப்போது செய்யவேண்டியது ஒன்றுதான். டாக்டரிடம் சொல்லிவிட்டு, நான்கு வாரம் கழித்து பழைய ரிப்போர்ட் வந்த அதே ஆய்வகத்துக்கே ரத்தம் போகும்படி கொடுங்கள். சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாய். பழைய ரிப்போர்ட்டின் நகலையும் கூட அனுப்பி, முன்பு எல்லை வைத்த அதே இடத்தில் வைத்து அளக்கச் சொல்லி எழுதுங்கள். டாராடுமுமாப் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் அதையும் எழுதவேண்டும். அந்த மருந்தே ஒரு ஐஜிஜி கப்பா ஆன்டிபாடி என்பதால் தன் பங்குக்கு ஒரு மெல்லிய கோடு போடும். 0.6, 0.7 என்று வந்தால் மதுரையின் 1.0-ஐ மதுரைக்கான புதிய தொடக்கமாகக் குறித்துக்கொண்டு, இனி ஒரே இடத்தில் பாருங்கள். 1.1 அல்லது அதற்கு மேல் வந்தால், காத்திருக்காமல் அந்த வாரமே அங்கேயே இன்னொரு மாதிரி கொடுத்துவிட்டு, இரண்டு படத்தையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.