ஒரே துடிப்பு, நூறு மில்லிசெகண்ட் வித்தியாசம்

கேள்வி: துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் எச்.ஆர்.வி. எனக்கு தினமும் காலையில் 35, 38 என்று வரும். இன்று திடீரென 120 காட்டுகிறது. உடம்பு நன்றாகத் தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் அப்படி எடுத்துக்கொண்டு பட்டிருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. 11 வருடமாக ஈ.சி.ஜி. எடுக்கும் டெக்னீஷியன். "நீ யார் சொல்ல" என்று கேட்க வருபவர்கள் கீழே உள்ள கணக்கை மட்டும் சரிபார்த்தால் போதும்.

அரை மாரத்தானுக்குத் தயாராகிக்கொண்டிருந்த சமயம். காலையில் துடிப்பை அளக்கும் பட்டையை மார்பில் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் அளப்பேன். வழக்கமாக 30 வரும். அன்று 131. ஆப் பச்சை நிறத்தில் 'இன்று கடுமையாகப் பயிற்சி செய்யலாம்' என்றது. 18 கிலோமீட்டர் வேகமாக ஓடினேன். இரவே காய்ச்சல், அப்புறம் ஒரு வாரம் படுக்கை. எழுந்த பிறகுதான் அன்றைய துடிப்பு இடைவெளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் 1000 மில்லிசெகண்டை ஒட்டி இருக்க, நடுவில் ஒரு 600, அதை அடுத்து ஒரு 1400.

தினமும் காகிதத்தில் பார்க்கிற விஷயம் என்பதால் உடனே புரிந்தது. இதயத்தின் கீழறையிலிருந்து ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்திருக்கிறது. இதயத்தின் இயல்பான தாளத்தை நடத்தும் சைனஸ் கணு தன் நேரத்துக்குச் சமிக்ஞை அனுப்பியும், கீழறை அப்போதுதான் துடித்து முடித்திருந்ததால் அதை ஏற்கவில்லை. அதற்கடுத்த சமிக்ஞைதான் துடிப்பானது. அதனால்தான் 600-ம் 1400-ம் சேர்ந்து சரியாக இரண்டு சாதாரண இடைவெளி ஆகிறது. எச்.ஆர்.வி. அளக்க நினைப்பது மூச்சும் நரம்பும் சைனஸ் கணுவை எப்படி முடுக்கித் தளர்த்துகின்றன என்பதை. அந்தத் துடிப்பு அங்கிருந்து வரவே இல்லை.

பெரும்பாலான ஆப்கள் எச்.ஆர்.வி. மதிப்பெண்ணாகக் காட்டுவது RMSSD. அடுத்தடுத்த இடைவெளிகளின் வித்தியாசத்தை வர்க்கமாக்கி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண்பார்கள். வர்க்கமாக்குவதில்தான் வம்பு. ஒரு நிமிடத்தில் 60 இடைவெளி, 59 வித்தியாசம் என்று வையுங்கள். மதிப்பெண் 30 என்றால் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 53,100. அந்த ஒரு துடிப்பால் வரும் வித்தியாசங்கள் 400, 800, 400. இவற்றின் வர்க்கங்கள் மட்டுமே 9,60,000. அவற்றைச் சேர்த்து மீண்டும் கணக்கிட்டால் கிடைப்பது 131.

கருவி ஒரு துடிப்பைத் தவறவிட்டால் இன்னும் மோசம். ஒரு இடைவெளி 2000 ஆகும், மதிப்பெண் 188 வரை போகும். பட்டை காய்ந்திருந்தாலோ நழுவினாலோ இது நடக்கும். கைக்கடிகாரத்தில் இன்னொரு காரணமும் உண்டு. முந்தி வந்த துடிப்பில் கீழறை நிரம்பியிருக்காது, ரத்தம் கொஞ்சம்தான் வெளியேறும். மணிக்கட்டில் நாடி எழும்பாததால் கடிகாரம் அதைக் காணாமலே விட்டுவிடும். மாறாக, இல்லாத துடிப்பைக் கருவி எண்ணிவிட்டால் 300, 700 என்று வரும். இரண்டும் சேர்ந்து ஒரே ஒரு சாதாரண இடைவெளி.

நல்ல ஆப்கள் ஒவ்வொரு இடைவெளியையும் முந்தையதோடோ சுற்றியுள்ளவற்றின் நடுமதிப்போடோ ஒப்பிட்டு, 20 அல்லது 25 சதவீதத்துக்கு மேல் விலகினால் ஒதுக்கும். சில அதோடு நீக்கிவிடும். சில அக்கம்பக்கத்தை வைத்து அந்த இடத்தை நிரப்பும். என் கணக்கில் 600, 1400 இரண்டின் இடத்திலும் 1000 போட்டால் 29 வருகிறது. நிரப்பிய இடத்தில் ஏற்ற இறக்கம் இல்லாததால் ஒன்று குறைகிறது, அவ்வளவுதான். நிறைய இடங்களை நிரப்ப வேண்டியிருந்தால் அந்த அளவீட்டையே தூக்கிப்போடுவதுதான் நியாயம்.

அதிகம் சுத்தம் செய்தாலும் கெடும். என் அக்கா மகனுக்கு 19 வயது, நீச்சல்காரன். ஆழ்ந்து மூச்சு விடும்போது 1040-லிருந்து அடுத்ததே 1270-க்குத் தாவும். 22 சதவீதம். ஆப் அதைப் பிழை என்று வெட்டி, அவனுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டது. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு துடிப்புக்கு முன்னும், சைனஸ் கணுவின் சமிக்ஞை மேலறையில் பரவுவதைக் காட்டும் பி அலை அதே வடிவத்தில் இருந்தது. எல்லாம் உண்மையான துடிப்பு!

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் ஆப் இந்த இடைவெளிப் பட்டியலைச் சந்தா கட்டினால்தான் தருகிறது. என் மார்பில் துடித்தது, என் காசில் வாங்கிய பட்டை. அதைப் பார்க்க மாதாமாதம் நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?

உங்களுக்கு: பட்டையை நனைத்துக் கட்டி, அசையாமல் இன்னொரு முறை அளங்கள். மறுபடி 38 பக்கம் வந்தால் 120-ஐ அழித்துவிடுங்கள். ஒன்றிரண்டு கூடுதல் துடிப்பு பலருக்கும் வரும். ஆனால் குட்டை, நெட்டை ஜோடி தினமும் பலமுறை வந்தாலோ, தலைசுற்றல் இருந்தாலோ, ஆப்பை விட்டுவிட்டு ஒரு ஈ.சி.ஜி. எடுத்து இதய மருத்துவரிடம் காட்டுங்கள்.