ஒட்டிக் கிடக்கும் ஈஸ்டை எப்படி எண்ணுவது?

இவ்வாரக் கடிதங்கள் எல்லாம் சுங்கை சிப்புட் வட்டாரத்துப் படிவம் ஆறு மாணவர்களுடையவை. நுண்ணோக்கிச் செய்முறை அறிக்கை நெருங்கிவிட்டது போலிருக்கிறது.

எண்ணும் கட்டத்தின் கோட்டின் மேல் கிடக்கும் உயிரணுவைச் சேர்க்கலாமா?

மேல் கோட்டையும் இடக் கோட்டையும் தொட்டவை உள்ளே, மற்ற இரண்டைத் தொட்டவை வெளியே. முதலில் விதி, பிறகு எண்ணிக்கை.

ஈஸ்டின் மொட்டு தனிக் கணக்கா?

தாயில் பாதி அளவு வளர்ந்திருந்தால் தனி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு அளவு வைத்தாலும் தப்பில்லை. ஆனால் முதலில் விதி, பிறகு எண்ணிக்கை.

படம் அனுப்பியுள்ளேன். ஒரு மில்லிலிட்டரில் எத்தனை?

உருப்பெருக்கம் இல்லை, எத்தனை மடங்கு நீர்த்தீர்கள் என்பதும் இல்லை. நான் சோதிடம் பார்ப்பதில்லை, தம்பி.

206 உயிரணு எண்ணினேன். ஒன்றின்மேல் ஒன்று கிடப்பதால் பிழை ±10% என்று எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார். ஏன்?

அடித்தது சரி. மேற்படிதலுக்கு ± போடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. செம்பனைக் குலைக் குவியலை ஒரு பக்கம் நின்று எண்ணினால் கணக்குக் குறையும், கூடுவதற்கு வழியில்லை. இதுவும் அப்படித்தான்.

உங்கள் படத்தையே பார்ப்போம். தனியாகக் கிடப்பவை 160, கொத்துகள் 20. கொத்தை ஒன்றாக எண்ணினால் 180தான். உற்றுப் பார்த்தால் 14 கொத்துகளில் இரண்டிரண்டு தெளிவாகத் தெரிகின்றன. மீதி ஆறில் ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு, மிஞ்சினால் நான்கு. மூன்றென்று வைத்துத்தான் உங்களுக்கு 206 வந்திருக்கிறது. ஆகவே இப்படி எழுதுங்கள்: "206. கொத்துகளைப் பிரித்துப் பார்த்ததில் 200 முதல் 212 வரை. முழுக்க மறைந்தவை இதில் சேரவில்லை, ஆதலால் உண்மை எண் இன்னும் கூடலாம்."

± வேண்டுமென்றால் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் போடுங்கள், 206க்கு 14 அளவில் வரும். அது வேறு பிழை. அதே கரைசலில் இன்னொரு துளி எடுத்தால் எண் தற்செயலாக ஏறி இறங்குமே, அதைச் சொல்வது. இரண்டையும் ஒரே குறிக்குள் அடைக்காதீர்கள்.

மறைந்தவை உண்டா என்றறிய, கரைசலைப் பாதியாக நீர்த்து, நன்றாகக் கலக்கி, மறுபடி படம் எடுங்கள். 103 வரவேண்டிய இடத்தில் 118 வந்தால், முதல் படத்தில் முப்பது போல ஒளிந்திருக்கின்றன. ஆனால் ஒரே படத்தை நம்பிச் சொல்லாதீர்கள். 118க்கே ±11 உண்டு, இரட்டித்தால் ±22. இரண்டு கரைசலிலும் ஐந்தைந்து படமாவது எடுத்துச் சராசரியை ஒப்பிடுங்கள்.

ImageJ-இல் Watershed போட்டால் தீராதா?

தொட்டுக்கொண்டு கிடப்பவற்றைப் பிரிக்கும். முழுக்க அடியில் கிடப்பது அதற்கும் தெரியாது. மொட்டு விட்ட ஈஸ்டை இரண்டாக வெட்டவும் செய்யும், ஆகவே கணக்கு கூடிப்போகலாம். வெட்டிய படத்தை மூலப் படத்தோடு வைத்துப் பாருங்கள்.

வெங்காயத் தோலிலும் மேற்படிதல் பிழை எழுத வேண்டுமா?

அது ஒற்றை அடுக்கு. மேற்படிந்து தெரிந்தால் தோல் மடிந்திருக்கிறது, வேறு துண்டு உரியுங்கள்.