பலூன் லோனின் கடைசித் தொகை: FV போட்டால் 22 லட்சம் வருவது ஏன்?

கேள்வி: காசிமேட்டுல மீன் லோடு அடிக்க வண்டி எடுக்கிறேன். லோன் 8 லட்சம், வட்டி 12%, மாச டியூ 16,000, 48 மாசம், கடைசியில ஒரு மொத்தத் தொகை. அது எவ்வளவுன்னு எக்ஸெல்ல FV போட்டா 22 லட்சத்து 69 ஆயிரம்னு காட்டுது. எங்க தப்பு?

பதில்:

தப்பு ஒரே ஒரு மைனஸ் குறியில் இருக்கிறது. டியூவையும் லோன் தொகையையும் ஒரே குறியில் போட்டிருப்பீர்கள். அப்படிப் போட்டால், 8 லட்சத்தை வங்கியில் டெபாசிட் செய்துவிட்டு மாதம் 16,000 மேலும் சேமிக்கிறீர்கள் என்று எக்ஸெல் எடுத்துக்கொள்ளும். 22,69,343 என்பது அந்தச் சேமிப்பு 4 வருடத்தில் வளர்ந்து நிற்கும் தொகை. உங்கள் லோனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

FV-க்குப் பணம் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல வேண்டும். உங்கள் கைக்கு வருவது பிளஸ், கையிலிருந்து போவது மைனஸ்.

```
=FV(12%/12, 48, -16000, 800000)
```

விடை -3,10,219.14 என்று வரும். நீங்கள் கட்ட வேண்டிய பணம் என்பதால்தான் மைனஸ். ஆக, 48-வது டியூவையும் கட்டி முடித்த அதே நாளில் இன்னும் 3,10,219 ரூபாய் பாக்கி நிற்கும். கூகுள் ஷீட்ஸிலும் இதே வரி, இதே விடை.

இதை நம்புவதற்கு முன் கையால் இரண்டு மாதம் போட்டுப் பாருங்கள். முதல் மாத வட்டி 8 லட்சத்தில் 1%, அதாவது 8,000. டியூ 16,000-இல் அது போக அசலில் கழிவது 8,000, பாக்கி 7,92,000. இரண்டாம் மாத வட்டி 7,920, அசலில் கழிவது 8,080, பாக்கி 7,83,920. இதையே ஒரு ஷீட்டில் 48 வரிக்கு இழுத்தால் கடைசி வரியில் 3,10,219 நிற்கும். FV அந்த 48 வரியை ஒரே தாவலில் போடுகிறது, அவ்வளவுதான்.

இவ்வளவு பெரிய தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பலூன் என்கிற இந்தக் கடைசி மொத்தத் தொகை இல்லாமல் இதே லோனை 48 மாதத்தில் முழுசாக அடைப்பதென்றால் டியூ 21,067 வரும். நீங்கள் மாதா மாதம் 5,067 குறைத்துக் கட்டுகிறீர்கள். 48 மாதத்துக்கு அது 2,43,219. அதன் மேல் ஏறிய வட்டி ஏறக்குறைய 67,000. இரண்டும் சேர்ந்ததுதான் அந்த 3,10,219. டியூ கம்மி என்று சொல்லி விற்கிறவர் உங்களுக்குச் சலுகை எதுவும் தரவில்லை. அந்த 5,067-ஐ மாதா மாதம் வட்டிக்குக் கொடுத்து, கடைசியில் சேர்த்து வாங்குகிறார்.

அடுத்து, ஒப்பந்தத்தில் கடைசி மாதத்தை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். "48 டியூ, அதோடு பலூன்" என்றால் மேலே சொன்ன கணக்கு சரி. 48-வது மாதம் கையில் 16,000-மும் வேண்டும், 3,10,219-மும் வேண்டும், மொத்தம் 3,26,219. "47 டியூ, 48-வது மாதம் பலூன்" என்றால் பலூனே 3,26,219. பலர் இந்த இரண்டாவது வகைக்கு FV-யில் 48-ஐ 47 ஆக மாற்றி, வரும் 3,22,989-ஐக் கடைசித் தொகை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது 47-வது மாத முடிவில் நிற்கும் பாக்கி. இன்னும் ஒரு மாத வட்டி, 3,230 ரூபாய், அதன் மேல் ஏற வேண்டும்.

இனி வட்டி. இதைப் பற்றி எனக்கு நிஜமாகவே கோபம் உண்டு. தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை வண்டி ஃபைனான்ஸ் பேசுகிற இடங்களில் "12 பர்சன்ட்" என்று ஒருவர் சொன்னால், அது கடைசி வரை முழு லோன் தொகை மேல் போடும் ஃபிளாட்டா, குறையும் பாக்கி மேலா என்று நீங்களாகக் கேட்டால்தான் தெரியும். கேட்காதவருக்குச் சொல்லமாட்டார்கள். உங்கள் லோனில் மொத்தம் கட்டுவது 7,68,000 டியூ, 3,10,219 பலூன். அதில் வட்டி 2,78,219. இதை 8 லட்சத்தாலும் 4 வருடத்தாலும் வகுத்தால் 8.7% வருகிறது. அதாவது இதே லோனை, ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல், "8.7 ஃபிளாட்" என்று அட்டையில் எழுதிக் கொடுக்கலாம். அதை நம்பி FV-யில் 8.7%/12 போட்டால் கடைசித் தொகை 2,16,904 என்று காட்டும். 93,000 ரூபாய் குறைவு! ஷீட்டில் பிழை எதுவும் தெரியாது, தொகையும் நம்பும்படி இருக்கும், கடைசி மாதம்தான் வெடிக்கும். FV-க்குள் போகும் வட்டி எப்போதும் குறையும் பாக்கி மேல் போடும் வட்டியாக மட்டுமே இருக்க வேண்டும்.

வங்கி ஆட்கள் யாராவது "நாங்கள் நாள் கணக்கில் வட்டி போடுவோம், மாதம் 1% என்பதே தப்பு" என்று கீழே எழுதலாம். சரிதான். 8 லட்சத்துக்கு 31 நாள் வட்டி 8,153, 28 நாள் வட்டி 7,364. ஆனால் வருடத்தில் இவை பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். அந்த வித்தியாசத்தைப் பார்த்து FV-யைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பெரிய வித்தியாசம் வருவது வேறு இடத்தில்.

பணம் கொடுத்த நாளுக்கும் முதல் டியூ நாளுக்கும் நடுவே ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். ஜனவரி 10-இல் பணம் கொடுத்து, டியூ தேதி 5 என்பதால் முதல் டியூவை மார்ச் 5-க்கு வைத்தால், ஜனவரி 10 முதல் பிப்ரவரி 5 வரை 26 நாள் வட்டி தொங்கும்: 6,838 ரூபாய். அதை முதலிலேயே தனியாகக் கட்டிவிட்டால் மேலே போட்ட கணக்கு அப்படியே நிற்கும். கட்டாமல் அசலில் சேர்த்தால் 48 மாதம் வட்டியோடு வளர்ந்து கடைசியில் 11,025 ஆகிவிடும். அப்போது வரியை இப்படி மாற்ற வேண்டும்:

```
=FV(12%/12, 48, -16000, 800000+6838)
```

விடை -3,21,244 ஆகும். முடிந்தால் முதலிலேயே கட்டிவிடுங்கள்.

மீன் லோடு என்று சொன்னதால் இதையும் சொல்லியாக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது, காசிமேட்டில் லோடும் அதற்கேற்பக் குறையும். "அந்த ரெண்டு மாசம் டியூ வேண்டாம், கடைசியில சேர்த்துக்கலாம்" என்று ஃபைனான்ஸ்காரர் சொன்னால் அது தள்ளுபடி இல்லை. முதல் வருடத்தில் 5-வது, 6-வது மாத டியூவை விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விட்டது 32,000. கடைசித் தொகையில் ஏறுவது 48,844. காரணம், 5-வது மாதம் கட்டாத 16,000 மீதி 43 மாதமும், 6-வது மாதம் கட்டாதது 42 மாதமும் வளர்கின்றன:

```
=16000*1.01^43 + 16000*1.01^42
```

விடும் மாதம் பின்னால் போகப் போக இந்தச் சுமை குறையும். நான்காம் வருட தடைக்காலத்தில் விட்டால் ஏறுவது விட்ட தொகையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆகவே விடத்தான் வேண்டும் என்றால் முதல் இரண்டு வருடம் எப்படியாவது கட்டிவிட்டு, பின்னால் கேளுங்கள். கேட்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் விட்ட டியூ, கட்டாத டியூவாகத்தான் பதிவாகும். அதற்கு அபராதம் வரும், கடன் மதிப்பெண்ணும் இறங்கும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனம் அந்த அபராதத்தை அசலில் சேர்த்து அதன் மேல் வட்டி போடக்கூடாது. கட்டாத தவணையின் மீதான சாதாரண வட்டி மட்டும் ஓடும்.

இதையெல்லாம் நீங்களே ஊகிக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கும் சில்லறைக் கடன்களுக்கும் சிறுதொழில் கடன்களுக்கும் ரிசர்வ் வங்கியின் கீழ் வரும் நிறுவனங்கள் முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தர வேண்டும், அதுவும் உங்களுக்குப் புரியும் மொழியில். மாதவாரி தவணை அட்டவணையும் அதிலேயே இருக்கும். அட்டவணையின் கடைசி வரியையும் உங்கள் FV விடையையும் ஒப்பிடுங்கள். அதில் வருடாந்திர மொத்தச் செலவு என்று இன்னொரு சதவீதமும் இருக்கும். செயலாக்கக் கட்டணம் மாதிரியான செலவுகளையும் சேர்த்த விகிதம் அது. அதை FV-யில் போடாதீர்கள், தொகை ஏறிக் காட்டும். வட்டி விகிதத்தை மட்டும் போடுங்கள். தெருவில் தனியாகக் கடன் கொடுப்பவரிடம் இந்த அறிக்கை கிடைக்காது. அவரிடம் கடைசித் தொகையை ரூபாயில் எழுதிக் கையெழுத்து வாங்குவது ஒன்றே வழி.

ரூபாயில் எழுதி வாங்கிவிட்டால் கணக்கைத் திருப்பிப் போட்டு உண்மை வட்டியைப் பிடித்துவிடலாம். அவர் கடைசித் தொகை 3,60,000 என்று எழுதிக் கொடுக்கிறார் என்று வையுங்கள்:

```
=RATE(48, -16000, 800000, -360000)*12
```

இது 13.57% என்று காட்டும். வாயால் சொன்னது 12. கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு வரியைப் போனிலேயே போட்டு, அவர் முன்னாலேயே காட்டிக் கேளுங்கள். "கடைசியில ரீஃபைனான்ஸ் பண்ணித் தர்றேன்" என்று பதில் வந்தால், 4 வருடம் ஐஸ் தண்ணீரும் உப்பும் பட்ட வண்டிக்கு எத்தனை ரூபாய், எந்த வட்டியில் தருவார் என்பதையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.