நிலத்தின் மதிப்பு ஏறினால் கடன் வாங்கலாமா?

"எங்கள் நிறுவனத்தின் நிலம் கணக்கில் 40 லட்சமாகவே இருக்கிறது, இன்று 240 லட்சம் பெறும். மறுமதிப்பீடு செய்தால் கடன்-பங்கு விகிதம் குறையும், அதைக் காட்டி இன்னும் 100 லட்சம் கடன் வாங்கித் தன் தொழிலுக்குத் தரும்படி மைத்துனர் வற்புறுத்துகிறார். முன்பும் இரண்டு முறை கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இப்போதைய கடன் 180 லட்சம், பங்குதாரர் நிதி 120 லட்சம், ஆண்டு வட்டி 22 லட்சம், வட்டிக்கு முந்தைய லாபம் 52 லட்சம். செய்யலாமா?"

மறுமதிப்பீடு செய்யுங்கள், தவறில்லை. அதை நம்பி மைத்துனருக்குக் கடன் வாங்காதீர்கள்.

பதிவு எளிது. நிலக் கணக்கில் 200 லட்சம் பற்று. வரி விகிதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 40 லட்சம் ஒத்திவைத்த வரிப் பொறுப்பில், அதாவது பின்னால் கட்ட நேரும் வரிக்காக, வரவு. மீதி 160 லட்சம் மறுமதிப்பீட்டுக் காப்பில் வரவு. இந்த ஏற்றம் லாப நட்டக் கணக்கைத் தொடாமல் இதர முழுமை வருமானத்தின் வழியே காப்புக்குப் போகிறது. ஒரு மனையை மட்டும் பொறுக்கி ஏற்றவும் முடியாது. ஐஏஎஸ் 16 என்ற சர்வதேசக் கணக்கியல் தரநிலைப்படி அந்த வகை நிலம் முழுவதையும் மறுமதிப்பிட வேண்டும், பிறகும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். விலை இறங்கினால் அந்த நிலத்துக்கான காப்பு முதலில் கரையும். அதற்கு மேற்பட்ட இறக்கம் நட்டமாகும்.

இனி விகிதங்கள். பங்குதாரர் நிதி 280 லட்சமாகிறது. கடன்-பங்கு விகிதம் 1.5 இருந்தது, ஏறத்தாழ 0.64 ஆகிவிடும். உங்கள் மைத்துனர் பார்ப்பது இதை மட்டும்தான். 52 லட்சத்தில் வட்டி 22 லட்சமும், மீதிக்கு 20 சதவீத வரியும் போனால் வரிக்குப் பிந்தைய லாபம் அதே 24 லட்சம் என்பதால், பங்குதாரர் நிதியின் மீதான வருவாய் 20 சதவீதத்திலிருந்து எட்டரைக்கு விழுகிறது. கையில் ஒரு காசுகூடக் கூடவில்லை. வட்டியைத் தாங்கும் திறன், அதாவது லாபத்தை வட்டியால் வகுத்தால் வருவது, 2.4 அளவிலேயே நிற்கும்.

புதிய 100 லட்சத்துக்கு 12 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 12 லட்சம் கூடி, வட்டி 34 லட்சமாகும். அந்தப் பணம் மைத்துனரிடம் போய்விடுவதால் உங்கள் லாபம் 52 லட்சத்தைத் தாண்டாது. தாங்கும் திறன் 1.5 ஆகிவிடும், அசல் தவணை அதற்கு மேல். பல வங்கிகள் நிகர மதிப்பைக் கணக்கிடும்போது மறுமதிப்பீட்டுக் காப்பைக் கழித்துவிடுகின்றன. அப்படிக் கழித்தால், புதிய கடனோடு சேர்ந்த மொத்தக் கடன் 280 லட்சத்தைப் பழைய நிதி 120 லட்சத்தால் வகுக்க, உங்கள் கடன்-பங்கு விகிதம் ஏறக்குறைய 2.3. நிலத்தின் மேல் "கூடுதல் கடன்" என்று இப்போது ஆசை காட்டும் திட்டங்கள் அடமானத்தைப் பார்க்கின்றன; தவணை கட்டும் பணம் எங்கிருந்து வரும் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

முதல் இரண்டு கடன்களில் மைத்துனர் எவ்வளவு திருப்பிக் கொடுத்தார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்த நிலுவையை எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவது கடனை அவர் தம் சொந்தச் சொத்தின் பேரில், தம் பெயரிலேயே வாங்கிக்கொள்ளட்டும்.