குத்து வேறு, குத்துவிளக்கு வேறு

அன்புள்ள அக்காவுக்கு,

எங்களுக்கு நாச்சியார்கோவிலில் விளக்குப் பட்டறை. அப்பா வார்ப்பு, நான் கடைசல். பித்தளை ஊற்றுவதை 40 நொடி வீடியோவாக எடுத்து யூடியூப் ஷார்ட்ஸில் போட்டேன். மொத்தம் 28 ஹேஷ்டேக், அதில் ஏழு தலைப்பிலேயே. பார்த்தவர்கள் யாரும் விளக்கு வாங்குகிற ஆட்களாகத் தெரியவில்லை. ஒருவர் "பாட்டு எங்க ப்ரோ" என்று கமெண்ட் போட்டிருக்கிறார். ஹேஷ்டேக் எத்தனை போட வேண்டும், எங்கே போட வேண்டும்? லிங்க் கீழே.

கே., நாச்சியார்கோவில்

அன்புள்ள தம்பி,

வீடியோவைப் பார்த்தேன். மூசையிலிருந்து பித்தளை இறங்குகிற அந்த இரண்டு நொடிக்காகவே மூன்று முறை பார்த்தேன். அப்புறம்தான் தலைப்பைப் படித்தேன். இப்படி இருக்கிறது:

```
#குத்து விளக்கு #shorts #viral #trending #நாச்சியார்கோவிலில் செய்யும் #பித்தளையில் #tamil
```

முதல் சொல்லிலேயே வழுக்கிவிட்டது. இடைவெளி வந்ததும் ஹேஷ்டேக் முடிந்துவிடும். நீங்கள் போட்டது #குத்துவிளக்கு இல்லை, #குத்து. அதைத் தொட்டுப் பாருங்கள், குத்துப் பாட்டுக்கு ஆடுகிறவர்கள் வரிசையாக வருவார்கள். அந்தக் கமெண்டுக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் விளக்கைக் கொண்டுபோய் அந்தக் கூட்டத்தில் நிறுத்தியது நீங்கள்தான். பேச்சில் குத்துவிளக்கு ஒரே சொல். எழுதும்போது கை தானாகப் பிரித்துவிடுகிறது.

அடுத்தது இதைவிடச் சிக்கல். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் வாக்கியத்தின் நடுவிலேயே ஹேஷ்டேக் வைத்துவிடலாம், ஊர்ப் பெயர் ஊர்ப் பெயராகவே நிற்கும். நமக்கு வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். #நாச்சியார்கோவில் ஒரு பக்கம், #நாச்சியார்கோவிலில் வேறொரு பக்கம். இரண்டாவதைத் தொட்டால் அநேகமாக உங்கள் வீடியோ மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கும். #பித்தளையில் கதையும் அதுதான். அதனால் தமிழில் ஹேஷ்டேக்கை வாக்கியத்துக்குள் நுழைக்காதீர்கள். வாக்கியத்தை வாக்கியமாக முடித்துவிட்டு, அடுத்த வரியில் உருபு எதுவும் இல்லாமல் சொல்லை மட்டும் போடுங்கள்.

அந்த வரி தலைப்பில் வேண்டாம், விவரப் பகுதியின் கடைசியில் இருக்கட்டும். ஒரு காரணம் இடம். யூடியூப் தலைப்புக்கு 100 எழுத்துதான். தமிழுக்கு அந்த 100 சீக்கிரம் தீர்ந்துபோகும், ஏனென்றால் புள்ளியையும் கொம்பையும் சுழியையும் தனித்தனியாக எண்ணுகிறது. குத்துவிளக்கு நம் கணக்கில் 7 எழுத்து, அதன் கணக்கில் 13, முன்னால் இருக்கும் # சேர்த்தால் 14. ஷார்ட்ஸ் ஓடும்போது திரையில் தெரிவதோ தலைப்பின் தொடக்கம் மட்டும். அந்தக் கொஞ்ச இடத்தில் #viral என்று இருந்தால், கட்டை விரலால் தள்ளிக்கொண்டே போகிறவருக்கு இது விளக்கு என்றே தெரியாது. விவரத்தில் போட்டால் ஒன்றும் குறையாது. அங்கே போட்டதும் தொடுகிற இணைப்பாகத்தான் இருக்கும்.

சரி, எத்தனை? யூடியூபின் விதிப்படி 60-ஐத் தாண்டினால் அந்த வீடியோவில் உள்ள எல்லா ஹேஷ்டேக்கையும் கண்டுகொள்ளாது. அதனால் 28 குற்றம் இல்லை. ஆனால் விவரத்தில் போடுவதில் அதிகபட்சம் மூன்றைத்தான் தலைப்போடு சேர்த்துக் காட்டும். நான் போடுவது மூன்று அல்லது நான்கு. வீடியோவுக்குச் சம்பந்தமில்லாததைப் போட்டால் வீடியோவையே நீக்கலாம் என்றும் விதி இருக்கிறது. நடிகர் பெயரை ஒட்டும் ஆசை வந்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள். #viral, #trending இரண்டும் பொருளைச் சொல்லாத சொற்கள். ஊரே போடுகிற குவியலில் உங்கள் வீடியோ ஒரு நிமிடம்கூட மேலே நிற்காது. #shorts தேவையே இல்லை. வீடியோ செங்குத்தாகவோ சதுரமாகவோ 3 நிமிடத்துக்குள் இருந்தால் அதுவே ஷார்ட்ஸ் என்று எடுத்துக்கொள்ளும்.

உங்கள் வீடியோவை நான் போட்டால் தலைப்பு இது: "உருக்கிய பித்தளை வண்டல் மண்ணில் இறங்கும் நேரம்". விவரம் இப்படி:

```
நாச்சியார்கோவில் பட்டறையில் ஐந்து முக விளக்கின் தண்டு வார்க்கிறோம். அச்சு மண் அரசலாற்று வண்டல்.

#குத்துவிளக்கு #நாச்சியார்கோவில் #kuthuvilakku #nachiyarkoil
```

இரண்டு தமிழ், இரண்டு ஆங்கில எழுத்து. தஞ்சாவூர்க்காரர்களே தேடும்போது பாதிப்பேர் ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறார்கள், வெளிநாட்டில் கல்யாணச் சீருக்கு விளக்குத் தேடுகிறவர்கள் இன்னும் அதிகம். உங்கள் ஊருக்கு இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. கோவில், கோயில் இரண்டும் சரியான எழுத்துதான், ஆனால் ஹேஷ்டேக்கில் இரண்டும் வேறு வேறு. இரண்டையும் தேடிப் பார்த்து, எதில் விளக்கும் பட்டறையும் அதிகம் வருகிறதோ அதை எடுங்கள். இரண்டையும் போட்டு இடத்தை அடைக்க வேண்டாம். முதல் வாக்கியத்தில் ஊர்ப் பெயர் ஏற்கனவே இருக்கிறது, தேடலுக்கு அதுவும் உதவும்.

யூடியூப் ஸ்டுடியோவில் டேக் என்று தனியாக ஒரு பெட்டி இருக்கும். அது ஹேஷ்டேக் இல்லை, பார்ப்பவர் கண்ணில் படாது. எழுத்துப் பிழையோடு தேடுகிறவர்களுக்காகத்தான் முக்கியமாக அது உதவும் என்று யூடியூபே சொல்கிறது. விட்டுப்போன 'கோயில்' அங்கே போய் உட்காரட்டும்.

இன்ஸ்டாகிராமில் எண்ணிக்கைத் தகராறே முடிந்துவிட்டது. முன்பு 30 வரை விட்டார்கள், 2025 டிசம்பரில் ஐந்தாகக் குறைத்துவிட்டார்கள். அங்கேயும் முதலில் வாக்கியம், கடைசியில் ஹேஷ்டேக். முதல் கமெண்டில் ஒளித்துவைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தேடலில் கிடைக்க வேண்டுமானால் கமெண்டில் இல்லை, கேப்ஷனில் போடுங்கள் என்று 2021-லேயே அவர்கள் சொல்லிவிட்டார்கள். உங்கள் வீடியோ மேலேயே மஞ்சள் எழுத்தில் #பித்தளை என்று எழுதியிருக்கிறீர்களே, அது வெறும் படம். தொட்டால் எங்கும் போகாது. போதாததற்கு வலது ஓரம் லைக், ஷேர் பொத்தான்களுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இனி ஒரு கசப்பான விஷயம். ஹேஷ்டேக்கைச் சரிசெய்தால் பார்வை எகிறும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஷார்ட்ஸுக்குக் கூட்டம் வருவது பெரும்பாலும் ஷார்ட்ஸ் ஓட்டத்திலிருந்து, அதாவது விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறவர்களிடமிருந்து. அங்கே அவர் நின்றாரா, தள்ளினாரா என்பதுதான் கணக்கு. ஸ்டுடியோவில் பார்வைகள் எங்கிருந்து வந்தன என்ற பட்டியலில் "Hashtag pages" என்று ஒரு வரி இருக்கும். என் வெற்றிலைக் கொடிக்கால் வீடியோக்களில் அந்த வரி ஒற்றை இலக்கத்தைத் தாண்டியதே இல்லை. ஆனால் அதே பட்டியலில் யூடியூப் தேடல் என்ற வரியைத் திறந்தால், என்ன சொல் அடித்து வந்தார்கள் என்று தெரியும். அதில் விளக்கு, குத்துவிளக்கு, ஊர்ப் பெயர் வர ஆரம்பித்தால் வாங்குகிற ஆள் வருகிறார் என்று அர்த்தம். நாலு பேர்தான் என்றாலும் அந்த நாலு பேர் விலை கேட்பார்கள்.

பழைய வீடியோவை நீக்கிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டாம். ஸ்டுடியோவில் தலைப்பையும் விவரத்தையும் திருத்தினால் போதும், வந்த பார்வையும் கமெண்டும் அப்படியே இருக்கும். சேமித்ததும் ஒவ்வொரு ஹேஷ்டேக்கையும் போனில் தொட்டுப் பாருங்கள். ஆட்டம் வந்தால் எங்கோ இடைவெளி விழுந்திருக்கிறது.